சித்தப்பா எழுதிவைத்த பணம்

மதுரையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். சிங்கப்பூரில் வாழ்ந்து மறைந்த சித்தப்பாவின் உயில்படி 2023-24ஆம் நிதியாண்டில் இவர் கணக்கில் ₹47,59,120 வரவானது என்று வைத்துக்கொள்வோம். மறு ஆண்டு வருமான வரித்துறையிலிருந்து நோட்டீஸ்: இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

சட்டம் இவர் பக்கம்தான். கைம்மாறின்றி வரும் தொகை ஆண்டுக்கு ₹50,000ஐத் தாண்டினால் வரி என்று சொல்லும் 56(2)(x) பிரிவே, உயில் மூலமோ வாரிசுரிமையாலோ கிடைப்பதற்கு விலக்குத் தருகிறது. எழுதிவைத்தவர் உறவினராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இந்தியாவில் எஸ்டேட் வரி 1985லேயே போய்விட்டது, சிங்கப்பூரில் 2008இல்.

ஆனால் விலக்கு உண்டு என்று ஒரு வரியில் எழுதினால் போதாது, நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால், விளக்கப்படாத பணம் என்று 69ஏ பிரிவில் சேர்த்து, சர்சார்ஜ், செஸ் எல்லாம் கூட்டி அந்த ஆண்டுக்கு 78 சதவீதம் வரி போடலாம்.

சிக்கல் எங்கே வருகிறது? உயிலில் இருப்பது சித்தப்பா பெயர். பாஸ்புக்கில் அனுப்பியவராக இருப்பதோ முன்பின் தெரியாத ஒரு வக்கீல் அலுவலகம். உயிலை நிறைவேற்றும் எக்ஸிகியூட்டருக்காக அந்த அலுவலகம்தான் பணத்தை அனுப்பியிருக்கிறது. தொகையும் ஒத்துப்போகவில்லை: உயிலின்படி இவர் பங்கு 80,000 வெள்ளி, வந்ததோ 76,760.

இந்த இடைவெளியை நிரப்புவதுதான் பதில். இறப்புச் சான்றிதழும் உயிலும் முதலில். அந்த உயில் செல்லும், இவரே எக்ஸிகியூட்டர் என்று சிங்கப்பூர் நீதிமன்றம் கொடுத்த புரொபேட் ஆணை அடுத்து. பிறகு எக்ஸிகியூட்டரின் பங்கீட்டுக் கணக்கு: 80,000இல் வக்கீல் செலவு 3,200, வங்கிக் கட்டணம் 40 கழித்தால் 76,760, வெள்ளிக்கு ₹62 வீதம் பெருக்கினால் பாஸ்புக்கில் உள்ள அதே தொகை. கடைசியாக, அனுப்பிய வங்கியின் ஸ்விஃப்ட் நகலும், இங்குள்ள வங்கி தரும் அந்நியப் பண வரவுச் சான்றும். ஒவ்வொரு தாளும் அடுத்த தாளைக் கைகாட்ட வேண்டும். நல்ல ஆடிட்டர் இதை ஒரே பக்க அட்டவணையாக்கி மேலே வைத்துவிடுவார்.

வரவுச் சான்றில் ஒரு கண் வைப்பது நல்லது. பணம் வந்த நோக்கம் ‘குடும்பப் பராமரிப்பு’ என்று பதிவாகியிருக்கலாம். கேட்டு வாங்காமல் வங்கிக்காரர் வழக்கமான குறியீட்டையே போட்டிருப்பார். அதை மறைக்காமல், எக்ஸிகியூட்டரின் கடிதத்தோடு பதிலிலேயே விளக்கிவிட வேண்டும்.

இறந்தபின் பணம் சிங்கப்பூர் வங்கியில் கிடந்த மாதங்களுக்கு வட்டி சேர்ந்திருந்தால், அது உயில் சொத்தோடு சேராத வருமானம். பங்கீட்டுக் கணக்கில் தனி வரியாகக் காட்டினால் கேள்வி அந்தச் சிறு தொகையோடு நிற்கும்.

பதில் தபாலில் போவதில்லை. வரித்துறை இணையதளத்தில் ‘e-Proceedings’ பகுதியில் ஏற்ற வேண்டும். சிங்கப்பூரிலிருந்து தாள் வரத் தாமதமானால், கெடு முடிவதற்குள் அங்கேயே அவகாசம் கேட்கலாம். கெடு போனபின் வரும் புரொபேட்டை வைத்துக்கொண்டு மேல்முறையீட்டுக்குத்தான் அலைய வேண்டியிருக்கும்.