இரவு பத்து மணிக்கு ஒரு ‘டவுட்’

பத்தாம் வகுப்பு மாணவி இரவு பத்து மணிக்கு ஆசிரியருக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்புகிறாள்: “சார், ஏழாவது கணக்கு வரல.” அவர் உடனே விடை அனுப்புகிறார். இதில் தப்பில்லைதான். ஆனால் மறுநாள் ‘குட் மார்னிங்’ வருகிறது. பிறகு அவள் வைத்த ஸ்டேட்டஸுக்கு ஒரு பாராட்டு, அப்புறம் “வீட்டில் ஏன் சோகம்?” என்ற விசாரிப்பு. பேச்சு கணக்கை விட்டு எப்போது நகர்ந்தது என்று அவளுக்கே தெரியாது.

“யாரிடமும் சொல்லாதே”, “படித்ததும் அழித்துவிடு” என்ற சொற்கள் வந்தால் சந்தேகமே வேண்டாம், அது ஆபத்து.

நல்ல ஆசிரியர் அந்தக் கணக்கைப் பெற்றோரும் இருக்கும் வகுப்புக் குழுவில், மறுநாள் காலையில் விளக்குவார். மாணவி மனக்கஷ்டத்தைச் சொன்னால் தனியே சுமக்காமல் தலைமை ஆசிரியரிடம் சொல்வார். அன்பு குறைந்ததாக ஆகாது. அந்த வெளிச்சம் இருவரையும் காக்கிறது.

பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை மின்னணு வழியில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறை. பெற்றோரே, செய்திகளை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து 1098க்கு அழையுங்கள்.