முடிந்தது எது, முடியாதது எது: மின்னஞ்சல் தொடரைச் சுருக்கும் முறை

ஒரு வேலையில் நடுவழியில் வந்து சேரும் ஊழியருக்குப் பெரும்பாலும் கிடைப்பது, பலர் மாறி மாறி எழுதிய நீண்ட மின்னஞ்சல் தொடர்தான். அதை அவர் கதையாகப் படிக்க வேண்டியதில்லை. எது முடிவாகிவிட்டது, எது இன்னும் முடிவாகவில்லை என்ற இரண்டும் தெரிந்தால் மறுநாளே வேலையைத் தொடங்கலாம். ஆகவே அவருக்காக எழுதும் சுருக்கம், யார் எப்போது என்ன சொன்னார் என்ற வரலாறாக இல்லாமல் இந்த இரண்டு பட்டியல்களாக அமைய வேண்டும்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஜெர்மனியில் உள்ள ஒரு வாடிக்கையாளருக்கு 12,000 டி-ஷர்ட்டுகள் தைத்துக் கொடுக்க வேண்டும். ஆர்டரைக் கவனித்துவந்த மெர்ச்சண்டைசர் வேறு பிரிவுக்குப் போக, மே 20 அன்று புதியவர் ஒருவர் அந்த இடத்துக்கு வருகிறார். வாடிக்கையாளரின் கொள்முதல் மேலாளர், அவருடைய வடிவமைப்பாளர், நிறுவனத்தின் உற்பத்தி மேலாளர், சாயப்பட்டறை ஆகியோர் எழுதிய சுமார் நாற்பது மின்னஞ்சல்கள் அவருக்காகக் காத்திருக்கின்றன.

முதல் வேலை, தொடரை முழுமையாகத் திரட்டுவது. இடையில் ஒருவர் தலைப்பை மாற்றியிருந்தால் தொடர் இரண்டாகப் பிரிந்திருக்கும். ஜிமெயிலில் ஒரே தொடர் நூறு மின்னஞ்சல்களைத் தாண்டினாலும் புதிய தொடராகப் பிரிந்துவிடும். பதில் அனுப்பும்போது பழைய இணைப்புகள் பொதுவாகக் கூடவே செல்வதில்லை என்பதால், விலைப்பட்டியல் போன்றவற்றை அவை முதலில் வந்த அஞ்சலிலிருந்தே எடுக்க வேண்டும்.

அடுத்தது, பழையதிலிருந்து புதியதை நோக்கிப் படிப்பது. இங்கே தேதியை மட்டும் நம்பினால் தவறு நேரும். எடுத்துக்காட்டு ஆர்டரில், துணிக்குச் சாயம் போடுவதற்குமுன் ஏ, பி, சி என்று மூன்று நிற மாதிரிகள் அனுப்பப்பட்டன. மே 12 அன்று வடிவமைப்பாளர் "பி நன்றாக இருக்கிறது" என்று எழுதினார். மே 15 அன்று கொள்முதல் மேலாளர், கடை விளக்கொளியில் பி அதிகம் கறுத்துத் தெரிவதாகச் சொல்லி, சி-யை ஏற்றுக்கொண்டார். மே 16 அன்று சாயப்பட்டறையிடமிருந்து "பி-க்கான சாயக் கலவை தயார்" என்று அஞ்சல் வந்தது. தேதிப்படி இதுவே கடைசி. ஆனால் அதன் கீழே ஒட்டியிருக்கும் பழைய உரையைப் பார்த்தால், அது மே 12 அஞ்சலுக்கு எழுதிய பதில் என்று தெரியும். மே 15 அஞ்சலின் பெறுநர் வரிசையில் சாயப்பட்டறையின் முகவரியே இல்லை. ஆகவே ஒவ்வொரு அஞ்சலும் எதற்குப் பதில், யார் யாருக்குப் போயிருக்கிறது என்ற இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

ஒரு வாக்கியத்தை முடிவு என்று எண்ணுவதற்கு மூன்று சோதனைகள் உண்டு. சொன்னவருக்கு அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் இருக்கிறதா? தெளிவான சம்மதம் இருக்கிறதா? பிறகு யாரும் அதை மாற்றவில்லையா? வடிவமைப்பாளரின் "நன்றாக இருக்கிறது" முதல் சோதனையிலேயே கருத்தாக நின்றுவிடுகிறது, ஏனெனில் இந்த ஆர்டரில் ஒப்புதல் தருபவர் கொள்முதல் மேலாளர். "பார்த்தேன்", "குறித்துக்கொண்டோம்" என்பவை செய்தி கிடைத்ததற்கான அடையாளம் மட்டுமே. பதில் வராமலிருப்பதும் சம்மதமாகாது. "ஜூன் 20-க்குள் கப்பல் ஏற்றினால் நல்லது" என்று ஒருவர் எழுத, "முயல்கிறோம்" என்று மற்றவர் பதில் சொன்னால், அங்கே விருப்பமும் முயற்சியும்தான் இருக்கின்றன, தேதி முடிவாகவில்லை.

சில முடிவுகள் பாதி முடிவுகளாக இருக்கும். முதலில் பேசிய துணி 160 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 160 கிராம். மாதிரி மெலிதாகத் தெரிந்ததால் கொள்முதல் மேலாளர் மே 9 அன்று, "180 ஜிஎஸ்எம் செய்யுங்கள், விலையைப் பிறகு பேசலாம்" என்று எழுதினார். துணியின் எடை முடிவாகிவிட்டது. ஆனால் அதே அளவு துணிக்கு எட்டில் ஒரு பங்கு நூல் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அந்தச் செலவு யாருடையது என்பது முடிவாகவில்லை. இத்தகைய வாக்கியத்தை இரண்டாக வெட்டி, முதல் பாதியை ஒரு பட்டியலிலும் மறுபாதியை மற்றதிலும் போட வேண்டும்.

முடிவாகாதவற்றைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம், ஏனெனில் பதில் வராத கேள்வி தொடரில் எந்த அடையாளமும் இல்லாமல் புதைந்துபோகிறது. ஒரே அஞ்சலில் பல கேள்விகள் இருந்தால் முதல் கேள்விக்கு மட்டும் பதில் வருவது சகஜம். எடுத்துக்காட்டு ஆர்டரில், அளவு பற்றிய அஞ்சலின் கடைசிப் பத்தியில், கழுத்து லேபிளை அச்சிடுவதா தைப்பதா என்று உற்பத்தி மேலாளர் கேட்டிருந்தார். அளவுக்குப் பதில் வந்தது, லேபிளுக்கு வரவில்லை. கேள்விகளையெல்லாம் தனியே எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பதிலைத் தேடினால்தான் இது அகப்படும். யாருமே கேட்காத கேள்வியும் உண்டு: சி-யைத் தேர்ந்தெடுத்த செய்தி சாயப்பட்டறைக்கு எட்டியதா?

இவ்வளவும் ஆனபின் எழுதப்படும் சுருக்கம் ஒரு பக்கத்தைத் தாண்டாது:

முடிவானவை
1. துணி 180 ஜிஎஸ்எம். முடிவு: கொள்முதல் மேலாளர், மே 9. காரணம்: 160-இல் மாதிரி மெலிதாக இருந்தது.
2. நிறம் மாதிரி சி. முடிவு: கொள்முதல் மேலாளர், மே 15. காரணம்: கடை விளக்கொளியில் பி கறுத்துத் தெரிந்தது.

முடிவாகாதவை
1. சி-க்கு மாறியது சாயப்பட்டறைக்குத் தெரியுமா? மே 16 வரை பி-யைத்தான் தயாரித்திருக்கிறார்கள். இன்றே பேச வேண்டும்.
2. 180 ஜிஎஸ்எம்-க்கான கூடுதல் விலை. பதில் தர வேண்டியவர்: கொள்முதல் மேலாளர். நூல் வாங்குவதற்குமுன் தேவை.
3. கழுத்து லேபிள் அச்சா, தையலா? பதில் தர வேண்டியவர்: கொள்முதல் மேலாளர். துணி வெட்டுவதற்குமுன் தேவை.
4. கப்பல் ஏற்றும் தேதி. அவர்கள் விரும்புவது ஜூன் 20. உற்பத்தி மேலாளர் இன்னும் உறுதி தரவில்லை.

முடிவோடு காரணத்தையும் எழுதுவதற்குப் பயன் உண்டு. காரணம் தெரியாத புதியவர், பி-யே அழகாக இருக்கிறதே என்று முடிந்த விவாதத்தை மறுபடி தொடங்கக்கூடும். தேதி இருந்தால் மூல அஞ்சலைத் தேடி எடுத்துச் சரிபார்க்கலாம். முடிவாகாத ஒவ்வொன்றிலும் பதில் தர வேண்டியவரும், அதற்காகக் காத்திருக்கும் வேலையும் இருந்தால் எதை முதலில் கேட்பது என்று புரியும். கைவிடப்பட்ட யோசனைகளுக்கும் வாதங்களுக்கும் இதில் இடம் தேவையில்லை.

சுருக்கத்தைப் புதியவரிடம் கொடுப்பதற்குமுன், தொடரில் இருந்த ஒருவரிடம் காட்டிவிட வேண்டும். தொலைபேசியிலோ நேரிலோ முடிவானவை மின்னஞ்சலில் பதிவாகியிருக்காது. விலைப் பேச்சு போனிலேயே முடிந்திருந்தால் அதை உற்பத்தி மேலாளர்தான் சொல்ல முடியும். அப்படித் தெரியவருவதையும், "போனில் பேசியது, எழுத்தில் இல்லை" என்ற குறிப்போடு சேர்த்து, எழுத்தில் உறுதி பெறும்வரை இரண்டாவது பட்டியலிலேயே வைத்திருப்பது நல்லது.