கணிதச் சொற்கணக்கில் காரண விளக்கத்தை மதிப்பிடும் முறை: எதிர் விகிதக் கணக்கு ஒன்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சொற்கணக்கிற்கு விடை காண்பதோடு, கையாண்ட முறை ஏன் பொருந்தும் என்பதையும் முழு வாக்கியங்களில் எழுதுமாறு கேட்கும் வினாக்களில், எதற்கு எவ்வளவு மதிப்பெண் வழங்குவது என்பது மதிப்பிடுவோருக்குச் சிக்கலாகவே உள்ளது. எதிர் விகிதக் கணக்கு ஒன்றையும் அதற்குரிய நால்வகை விடைகளையும் கொண்டு, செய்ததைச் சொல்லும் வாக்கியத்தையும் காரணம் கூறும் வாக்கியத்தையும் பிரித்தறியும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சொற்கணக்கு, காரண விளக்கம், எதிர் விகிதம், மதிப்பெண் பகிர்வு.

முன்னுரை

கணிதத்தில் இறுதி எண் சரியாக இருப்பது, மாணவர் சரியாகச் சிந்தித்தார் என்பதற்குப் போதிய சான்றாகாது. அதனாலேயே, ‘ஏன் இம்முறையைக் கையாண்டீர்?’ என்னும் வினா சேர்க்கப்படுகிறது. ஆனால், அவ்வினாவிற்கு எழுதப்படும் வாக்கியங்கள் அனைத்தும் காரணங்கள் அல்ல. ‘எனவே’, ‘ஏனெனில்’ ஆகிய இணைப்புச் சொற்கள் வந்துவிட்டமையாலேயே ஒரு வாக்கியம் காரண வாக்கியம் ஆகிவிடாது. இங்கு ஆராயப்படும் விடைகள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை.

கணக்கும் அதன் எண்களும்

‘ஒரு விடுதியில் 40 மாணவர்களுக்கு 30 நாள்களுக்குப் போதுமான அரிசி உள்ளது. மேலும் 10 மாணவர்கள் சேர்ந்தால் அவ்வரிசி எத்தனை நாள்களுக்குப் போதும்? கையாண்ட முறையையும் அது பொருந்துவதற்கான காரணத்தையும் முழு வாக்கியங்களில் எழுதுக.’

ஒவ்வொருவரும் ஒரு நாளைக்கு உண்ணும் அளவை ஒரு பங்கு எனக் கொண்டால், இருப்பில் உள்ளவை 40 × 30 = 1200 பங்குகள். அவற்றை 50 பேர் உண்பதால், 1200 ÷ 50 = 24 நாள்களுக்கு அரிசி போதும். நேர் விகிதம் எனத் தவறாகக் கருதியவருக்கு 37.5 கிடைக்கும். 10 பேர் கூடியதால் 10 நாள்கள் குறையும் என எண்ணியவருக்கு 20 கிடைக்கும். ஒவ்வொரு தவறான முறையும் தனித்தனி எண்ணைத் தருவதால், விடையைக் கொண்டே முறையை ஓரளவு ஊகிக்கலாம்.

இதே கணக்கில் 40-க்கு மாற்றாக 20 மாணவர்கள் என அமைத்தால் நிலைமை மாறிவிடும். சரியான முறையில் 600 ÷ 30 = 20 நாள்கள்; தவறான கழித்தலிலும் 30 − 10 = 20 நாள்கள். தொடக்க நாள்களின் எண்ணிக்கையும் புதிய மாணவர் எண்ணிக்கையும் சமமாக அமையும்போதெல்லாம் இவ்விரு முறைகளும் ஒரே விடையைத் தரும். எனவே, வினா அமைப்பவர் தவறான முறைகளையும் தாமே செய்து பார்த்து, அவை வெவ்வேறு எண்களைத் தருகின்றனவா என உறுதி செய்தல் வேண்டும்.

மதிப்பெண் பகிர்வு

இக்கணக்கிற்கு 5 மதிப்பெண் எனில், முறைக்கு 2, காரணத்திற்கு 2, விடைக்கு 1 எனப் பகிரலாம். கணக்கிடுதலில் நேர்ந்த பிழைக்கு விடையில் மட்டுமே மதிப்பெண் குறைக்கப்படும். முறையில் மீண்டும் குறைக்கப்படாது. முறைக்கு மதிப்பெண் கிட்டாதபோது விடைக்கும் மதிப்பெண் இல்லை. தவறான வழியில் தற்செயலாகக் கிடைத்த எண்ணுக்கு மதிப்பளிக்காமல் இருக்க இவ்விதி தேவை.

நால்வகை விடைகள்

முதல் மாணவர், ‘40-ஐ 30-ஆல் பெருக்கினேன். பிறகு 50-ஆல் வகுத்தேன். எனவே விடை 24’ என எழுதுகிறார். வாக்கியங்கள் முழுமையானவை, ‘எனவே’ என்னும் சொல்லும் உள்ளது. ஆயினும், செய்த செயல்களை வரிசைப்படுத்துவதைத் தவிர, ஏன் பெருக்க வேண்டும் என்பதை இவ்விடை சொல்லவில்லை. முறைக்கு 2, காரணத்திற்கு 0, விடைக்கு 1.

இரண்டாம் மாணவர், ‘மாணவர் கூடினால் நாள்கள் குறையும். எனவே இது எதிர் விகிதம்’ எனக் கூறி 24 என்னும் விடையைப் பெறுகிறார். மூன்றாம் மாணவர், ‘மாணவர் கூடினால் நாள்கள் குறையும். எனவே 30-இல் 10-ஐக் கழித்தேன்’ எனக் கூறி 20 என எழுதுகிறார். இருவரும் தந்த காரணம் ஒன்றே. மதிப்பிடுவோர் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுவே: இறுதி எண் சரியாக இருப்பதால் முதலாமவரின் வாக்கியத்தை முழுக் காரணமாகவும், எண் தவறாக இருப்பதால் அடுத்தவரின் வாக்கியத்தைப் பயனற்றதாகவும் கொள்ளும் நிலை ஏற்படுகிறது.

ஒன்று கூட மற்றொன்று குறைதல் எதிர் விகிதத்தின் அடையாளமாகக் கூறப்பட்டாலும், அது மட்டும் போதாது. 100 பக்க நூலில் படித்த பக்கங்கள் கூடக்கூடப் படிக்க வேண்டியவை குறையும். அங்கு மாறாதிருப்பது கூட்டுத்தொகை. எதிர் விகிதத்தில் மாறாதிருப்பதோ பெருக்கற்பலன். ஆகவே, மேற்கண்ட வாக்கியம் நேர் விகிதத்தை விலக்குகிறதே தவிர, கழித்தலை விலக்கவில்லை. அதற்குரிய மதிப்பு 1. இருவருக்கும் அவ்வொரு மதிப்பெண்ணே உரியது. இரண்டாமவர் பெறுவது 2, 1, 1. மூன்றாமவர் பெறுவது 0, 1, 0.

இதிலிருந்து எளிய சோதனை ஒன்று கிடைக்கிறது. மாணவர் எழுதிய காரணத்தை எடுத்து, ஒரு தவறான முறையின் அருகில் வைத்துப் பார்த்தல் வேண்டும். அங்கும் அது பொருந்தி நின்றால், அது முழுக் காரணம் அன்று.

நான்காம் மாணவர் எழுதுவது: ‘ஒருத்தர் ஒரு நாள் சாப்பிடறது ஒரு பங்குன்னா மொத்தம் 1200 பங்கு இருக்கு. பேர் கூடினாலும் அரிசி கூடாது, அதே 1200 தான். அதை 50 பேர் சாப்பிட்டா 22 நாள் வரும்.’ நடை பேச்சு வழக்கு, வகுத்தலும் பிழை. ஆனால் மாறாதிருப்பது எது என்பதையும், மாணவரையும் நாள்களையும் பெருக்குவது ஏன் என்பதையும் இவர் ஒருவரே சொல்லியுள்ளார். இக்காரணத்தைக் கழித்தல் முறையோடு பொருத்த இயலாது. இவருக்கு 2, 2, 0.

மொழிப் பிழையின் இடம்

எழுத்துப் பிழையும் பேச்சு வழக்கும் காரணத்திற்கான மதிப்பெண்ணைக் குறைக்கலாகா. எனினும், ‘அதை அதனால் வகுத்தால் அது வரும்’ என எழுதும்போது ‘அது’ அரிசியா, நாளா, மாணவரா என்பது தெரிவதில்லை. எந்த அளவைக் குறிக்கிறார் என்பதை மறைக்கும் மொழிக் குறை மட்டுமே கணிதக் குறையாகும். இத்தகைய இடங்களில் மாணவர் மனத்தில் சரியான பொருள் இருந்திருக்கலாம். ஆயினும் எழுத்துத் தேர்வு எழுதப்பட்டதை மட்டுமே மதிப்பிட இயலும். வகுப்பறையிலோ ஆசிரியர் வாய்மொழியாக ஒரு வினா கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

விடை எண்ணின் தாக்கத்தைத் தவிர்க்க, அனைவரின் காரணப் பகுதியையும் முதலில் தனியே மதிப்பிட்டு, அதன்பின் முறைக்கும் விடைக்கும் செல்லுதல் நன்று.

நிறைவுரை

இரண்டாம் மாணவரும் நான்காம் மாணவரும் பெறும் மொத்தம் 4 மதிப்பெண்ணே. ஆனால் ஒருவருக்கு எதிர் விகிதத்தின் பொருளை மீண்டும் கற்பிக்க வேண்டும். மற்றவருக்கு வகுத்தலைச் சரிபார்க்கும் பழக்கம் போதும். மொத்த எண் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. டிம்ஸ் பன்னாட்டுக் கணித, அறிவியல் மதிப்பீட்டில், மாணவர் தாமே எழுதும் விடைகளுக்கு ஈரிலக்கக் குறியீடு வழங்குவர். முதல் இலக்கம் மதிப்பைக் காட்டும். இரண்டாம் இலக்கம் கையாண்ட முறையையோ பிழையின் வகையையோ காட்டும். அவ்வாறே, விடைத்தாளில் 4 என மட்டும் எழுதாமல் 2-1-1 என்றும் 2-2-0 என்றும் குறித்தால், அடுத்து எதைக் கற்பிப்பது என்பதை ஆசிரியர் அக்குறிப்பிலிருந்தே அறியலாம்.