ஒரு லாகின், நான்கு கருவிகள்

ஹோட்டல் வைஃபையில் சேர்ந்ததும் ஒரு பக்கம் திறந்து, அறை எண்ணையோ போனுக்கு வரும் ஓடிபியையோ கேட்கும். அதைக் கொடுத்ததும் ஹோட்டல் குறித்துவைத்துக்கொள்வது நம்மை அல்ல, அந்தக் கருவியின் மேக் முகவரியை. அதனால்தான் போனில் வேலை செய்த இணைப்பு லேப்டாப்பில் மறுபடி லாகின் கேட்கிறது. "இரண்டு கருவிகளுக்கு மட்டும்" என்ற வரம்பும் இந்த முகவரிகளை எண்ணித்தான். குரோம்காஸ்ட் போன்ற சில கருவிகளில் அந்தப் பக்கத்தைத் திறக்கவே வழியில்லை.

உள்ளங்கையில் அடங்கும் டிராவல் ரவுட்டர் இங்கேதான் உதவுகிறது. பெரும்பாலானவை போன் சார்ஜரிலேயே ஓடும். அது ஒருபுறம் ஹோட்டல் வைஃபையில் ஒரே கருவியாகச் சேர்ந்து, மறுபுறம் நமக்கென்று தனி வைஃபை தருகிறது. வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அதற்கே வைத்துவிட்டால், எல்லாக் கருவிகளும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

ஜிஎல்-ஐநெட் ரவுட்டரை எடுத்துக்கொள்வோம். போனை அதன் வைஃபையில் சேர்த்து, பிரௌசரில் 192.168.8.1 திறந்து, Repeater பகுதியில் ஹோட்டல் வைஃபையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு போனில் லாகின் பக்கம் வரும். அதில் ஒருமுறை நுழைந்தால் போதும். லேப்டாப், டேப், டிவி எல்லாவற்றுக்கும் வழி திறந்துவிடும்.

பலரும் சிக்குவது இந்த லாகின் பக்கத்தில்தான். ரவுட்டர் சேர்ந்துவிட்டதாகக் காட்டும், ஆனால் எந்தத் தளமும் திறக்காது, லாகின் பக்கமும் வராது. விபிஎன் அல்லது நாமாக மாற்றிய டிஎன்எஸ் பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஹோட்டல் நம்மைத் தன் பக்கத்துக்குத் திருப்புவதை அவை தடுத்துவிடும். இரண்டையும் அணைத்துவிட்டு neverssl.com திறந்தால் பக்கம் வரும். நுழைந்த பிறகு விபிஎன்னை மீண்டும் போட்டுக்கொள்ளலாம்.

அப்படியும் வராவிட்டால், போனை நேராக ஹோட்டல் வைஃபையில் சேர்த்து லாகின் செய்து, அந்த போனின் மேக் முகவரியை ரவுட்டருக்குக் கொடுக்கலாம். இப்போதைய போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் வெவ்வேறு முகவரியைக் காட்டுவதால், ஹோட்டல் வைஃபையின் விவரப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துக் கையால் தட்ட வேண்டும். பிறகு போன் அந்த வைஃபையை மறக்கும்படி செய்துவிடுங்கள். ஒரே முகவரியில் இரண்டு கருவிகள் இருந்தால் இணைப்பு அறுந்து அறுந்து வரும்.

கருவிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் இடத்திலும், ரவுட்டர் கூடாது என்று விதியுள்ள கல்லூரி விடுதியிலும் முதலில் கேட்டுவிடுவதே முறை.

ரவுட்டரால் வேகம் கூடாது. ஒரே அலைவரிசையில் வாங்கிக் கொடுத்தால் பாதியாகக்கூடக் குறையும். ஹோட்டல் பக்கம் 5 கிகாஹெர்ட்ஸ், நம் பக்கம் 2.4 என்று பிரித்தால் இந்த இழப்பு குறையும். மேசையருகே லேன் போர்ட் வேலை செய்தால், வைஃபையை விட அதில் கேபிள் செருகுவதே மேல்.