விடுபட்ட லேபைக் கேட்டுப் பெறுவது எப்படி?

பொறியியல் முதலாண்டு மாணவர் ஒருவருக்கு அம்மை போட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை அது மற்றவர்களுக்குத் தொற்றும். அதனால் வீட்டிலேயே இருந்தார்; செவ்வாய்க்கிழமை வேதியியல் லேப் விடுபட்டது. அன்று நடந்தது ஈடிடிஏ கரைசலால் தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் சோதனை.

திரும்பி வந்ததும் நண்பனின் அப்சர்வேஷன் நோட்டைப் பார்த்து ரீடிங்கை எழுதிவிடத் தோன்றும். அது பெரும்பாலும் பிடிபடும். பல லேப்களில் ஆளுக்கொரு அளவில் மாதிரி தருவார்கள். யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு ஆசிரியரிடம் இருக்கும். பிடிபடாவிட்டாலும் நஷ்டம்தான். ஒயின் சிவப்பு மறைந்து நீலம் வரும் அந்த ஒரு துளியில் பியூரெட்டை நிறுத்தக் கண்ணும் கையும் பழக வேண்டும். செமஸ்டர் தேர்வில் இதே சோதனை வந்தால் நண்பனின் நோட்டு கூட வராது.

ஆகவே கேட்டுத்தான் ஆக வேண்டும். "சார், எனக்கு இன்னொரு நாள் லேப் வைங்க" என்று கேட்டால் ஆசிரியர் தயங்குவார். ஒரே ஒருவருக்காக ஈடிடிஏ கரைசல், பிஎச் 10 அளவிலான பஃபர், எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டி எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டும். அந்த நிறங்காட்டிக் கரைசல் சில நாட்களிலேயே கெட ஆரம்பித்துவிடும். பழையதைக் கொண்டு செய்தால் நிறமாற்றம் தெளிவாகத் தெரியாது.

இதற்கு வழி பக்கத்து பேட்சில் இருக்கிறது. ஒரு வகுப்பை இரண்டு பேட்சாகப் பிரித்து வெவ்வேறு நாட்களில் லேப் நடத்துவது வழக்கம். அடுத்த பேட்சுக்கு அதே சோதனை என்றைக்கு என்று லேப் உதவியாளரிடம் விசாரித்துவிட்டு, நம் நேர அட்டவணையில் அந்த மணி காலியா என்றும் பார்த்துக்கொண்டு ஆசிரியரிடம் போகலாம். கடிதம் நாலு வரி போதும்: "அம்மை நோயால் செவ்வாய்க்கிழமை லேபுக்கு வர இயலவில்லை. மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். வியாழக்கிழமை பி பேட்சுக்கு இதே சோதனை நடக்கிறது. அப்போது எனக்கு ஓய்வு மணி. அவர்களோடு செய்ய அனுமதி வேண்டுகிறேன்." நோயின் அவஸ்தையை விவரிக்க வேண்டியதில்லை.

பலர் கோட்டைவிடும் இடம் வருகைப்பதிவு. சோதனையைச் செய்து முடித்தால் ரெக்கார்டில் கையெழுத்து கிடைக்கும். ஆனால் வராத நாள் தானாக வந்த நாளாகிவிடாது. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீத வருகை தேவை. மருத்துவக் காரணம் இருந்தால் 65 சதவீதம் வரை தளர்வு உண்டு. அதற்குக் கல்லூரி முதல்வர் சான்றொப்பமிட்ட மருத்துவச் சான்று வேண்டும். எனவே சான்றின் ஒரு நகலை லேபில் கொடுத்துவிட்டு, அசலைத் துறைத் தலைவர் வழியாகத் தனியாக அனுப்புங்கள்.

இதையெல்லாம் கல்லூரிக்குத் திரும்பிய வாரமே செய்துவிடுங்கள். அடுத்த பேட்சும் அந்தச் சோதனையை முடித்துவிட்டால், செமஸ்டர் கடைசியில் விடுபட்டவர்களுக்கென்று லேப் வைத்தால்தான் உண்டு. எல்லாக் கல்லூரிகளிலும் அது நடப்பதில்லை.