பியூரெட்டில் கண்டதற்கு எத்தனை மதிப்பெண்?

சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் செய்முறைத் தேர்வுக்கு 30 மதிப்பெண். அதில் பருமனறி பகுப்பாய்வுக்கு, அதாவது பியூரெட்டை வைத்துக்கொண்டு ஒரு கரைசலின் செறிவைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு, 8 மதிப்பெண். இந்த எட்டையும் கடைசி வரியில் எழுதிய விடைக்கே கொடுத்துவிட்டால், மாணவி கையால் செய்த வேலைக்கு ஒன்றுமே மிஞ்சாது. எட்டை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் தேர்வின் நேர்மை இருக்கிறது.

வழக்கமான ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். 0.05 மோலார் ஆக்சாலிக் அமிலக் கரைசலில் 20 மி.லி.யைப் பிப்பெட்டால் எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டு, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்க வேண்டும். பியூரெட்டிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இதற்குத் தனி நிறங்காட்டி தேவையில்லை. வெளிர் இளஞ்சிவப்பு நிறம் அரை நிமிடம் மறையாமல் நின்றால் அதுவே முடிவு நிலை.

செய்முறை, அளவீடு, முடிவு என்று மூன்றாகப் பிரித்தால் 2, 4, 2 என்ற பங்கீடு பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து. செய்முறைக்குரிய இரண்டை, தாளில் எழுதும் குறிப்புக்குக் கொடுத்தால் அது மனப்பாடத்துக்குப் போய்விடும். நேரில் கண்டதற்குக் கொடுக்க வேண்டும். பியூரெட்டைத் தண்ணீரோடு நிறுத்தாமல், அதில் நிரப்பப்போகும் பெர்மாங்கனேட்டாலும் அலசினாளா? கூம்புக் குடுவையை வெறும் தண்ணீரால் மட்டும் கழுவினாளா? குடுவையை ஆக்சாலிக் அமிலத்தால் அலசினால் சுவரில் ஒட்டிய அமிலமும் வினையில் சேர்ந்து அளவு கூடிவிடும். நிரப்பியதும் பியூரெட் வாயிலிருந்து புனலை எடுத்தாளா? ஒரே நேரத்தில் இருபது பேரைக் கவனிக்கும் தேர்வாளரால் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. ஆனால் ஒவ்வொருவரிடமும் இப்படி இரண்டு செயல்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ள முடியும்.

தவறான செய்முறை குடுவையிலேயே தெரிந்துவிடும். கந்தக அமிலம் போதாவிட்டால் கலவை பழுப்பாகக் கலங்கும். சூடாக்காவிட்டால் முதல் சொட்டுகளின் நிறம் மறையத் தயங்கும். அதையே முடிவு நிலை என்று நம்பி நிறுத்திவிடுவார்கள்.

அளவீட்டுக்கு நான்கு. தொடக்கம், இறுதி, வேறுபாடு மூன்றையும் 0.1 மி.லி. துல்லியத்தில் அட்டவணையில் எழுதியதற்கு ஒன்று. ஒத்த அளவீடுகள் இரண்டு கிடைத்ததற்கு ஒன்று. தேர்வாளர் தாமே செய்து கண்ட அளவுக்கு நெருக்கமாக வந்ததற்கு இரண்டு: வித்தியாசம் 0.2 மி.லி.க்குள் என்றால் முழுதும், 0.5 வரை என்றால் பாதி.

இப்போது ஒரு விடைத்தாள். தேர்வாளர் கண்டது 20.2 மி.லி. மாணவிக்கு முறையே 20.9, 20.7, 20.7. ஒவ்வொரு முறையும் நிறம் சற்று அடர்ந்த பிறகே நிறுத்தியிருக்கிறாள். வித்தியாசம் 0.5, நெருக்கத்துக்குரிய இரண்டில் ஒன்று போயிற்று. இனி கணக்கு. ஐந்து பங்கு ஆக்சாலிக் அமிலத்துக்கு இரண்டு பங்கு பெர்மாங்கனேட் என்ற விகிதத்தைச் சரியாகப் போட்டு, 20.7ஐ வைத்து 0.0193 மோலார் என்று முடித்திருக்கிறாள். உண்மை விடை 0.0198. முடிவுக்குரிய இரண்டில் கை வைக்கலாமா? கூடாது. அவளுடைய அளவீட்டிலிருந்து வரக்கூடிய சரியான முடிவு 0.0193தான். அளவீட்டில் செய்த பிழைக்கு அங்கேயே குறைத்தாயிற்று; அதே பிழைக்கு இங்கேயும் குறைப்பது இரட்டைத் தண்டனை. விகிதத்தைத் தலைகீழாகப் போட்டிருந்தால், அப்போது முடிவில் ஒன்று குறைக்கலாம். அவளுக்கு ஏழு.

பக்கத்து மேசை மாணவன் 20.0, 20.0, 20.0 என்று எழுதி 0.02 மோலார் என்கிறான். பயிற்சியின்போது வகுப்பில் வந்த விடை அது. இதைக் கண்டுபிடிக்கத் தேர்வுக்கென்றே செறிவைச் சற்று மாற்றிக் கரைசல் தயாரிப்பதுதான் நல்ல வழி. இங்கே இருப்பது 0.02 அல்ல, 0.0198. ஆனாலும் 20.0க்கும் 20.2க்கும் இடையே 0.2தான் என்பதால் இவன் தப்பித்து எட்டும் வாங்கிவிடுவான். கரைசலை 0.018க்கு மாற்றியிருந்தால் அளவு 22.2 ஆகியிருக்கும், எழுதி வந்த விடை உடனே பிடிபடும். கூடவே, ஒவ்வொரு இறுதி அளவையும் பியூரெட்டில் பார்த்துக் கண்காணிப்பாளர் அட்டவணையில் சுருக்கொப்பம் இட வேண்டும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பங்கீட்டைத் தேர்வுக்கு முன்பே ஆய்வகச் சுவரில் ஒட்டிவிடுங்கள். 20.7 வந்தால் 20.7 என்றே எழுதலாம், அதனால் பெரிய இழப்பு இல்லை என்பது பிள்ளைகளுக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும்.