குட்டி யானையில் ஆடு ஏத்தலாம், ஆள் ஏத்தலாமா? விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் யாருக்கு?

எட்டயபுரம் சந்தையில் ஒருவர் ஆடுகள் வாங்குகிறார். வாடகைக்குப் பிடித்த குட்டி யானையில் அவற்றை ஏத்துகிறார். கூட வந்த சொந்தக்காரர்கள் நாலு பேரும் பின்னாடியே ஏறிக்கொள்கிறார்கள். ‘பக்கத்து ஊருதானே, என்ன ஆகிடப்போகுது?’ என்பதுதான் எல்லோருடைய நினைப்பும்.

மோட்டார் வாகனச் சட்டப்படி ஆடு, மாடு எல்லாம் ‘சரக்கு’தான். ஆனால் மனிதர்கள் சரக்கு அல்ல.

ஆடுகளுக்கும் கணக்கு உண்டு. மத்திய மோட்டார் வாகன விதி 125இ-ன்படி ஓர் ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர் இடம் வேண்டும். பின்பெட்டி 7 அடி நீளம், 5 அடி அகலம் என்றால் 10 ஆடுகள்தான் ஏத்தலாம். அதோடு, தடுப்புகளும் கட்டாயம். இல்லையென்றால், பிரேக் போட்டதும் எல்லாம் ஒரே பக்கம் சரியும். கீழே விழும் ஆடு மிதிபட்டே சாகும்.

சரி, வண்டி கவிழ்ந்தால்? ஆட்டின் உரிமையாளர் சரக்கோடு வந்தவர். கேபினில் உட்கார்ந்து வந்திருந்தால் அவருக்கு இன்சூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. 1994 சட்டத்திருத்தம் இதைத் தெளிவாக்கியது.

பின்னாடி நின்ற நாலு பேர்? சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருபவர்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில வழக்குகளில், நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலிக்கலாம் என்று உத்தரவு வரும். எப்படியும் கடைசியில் பணம் கட்ட வேண்டியவர் வண்டி ஓனர்தான். அவரிடம் பணம் இல்லையென்றால், தீர்ப்பு வெறும் காகிதம்தான்.

அந்த நாலு பேரும் பஸ்ஸில் வருவதே நல்லது.